ஊரில் எல்லாரிடமும் பேச்சு, சிட்டியில் யாரிடமும் இல்லை: ஏன் இப்படி?

காலை 7 மணி. அடுக்குமாடி வீட்டின் 11ஆவது தளம். லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே மூன்று பேர். நீங்கள் சிரித்த முகத்தோடு "மார்னிங்!" என்கிறீர்கள்.

ஒருவர் கைத்தொலைபேசியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னொருவர் மாறிக்கொண்டிருக்கும் மாடி எண்ணையே பார்க்கிறார். மூன்றாமவர் லேசாகத் தலையசைத்த மாதிரி இருந்தது. அசைக்காமலும் இருந்திருக்கலாம். கீழே வந்து சேர்வதற்குள் மனசு கேட்க ஆரம்பித்துவிடுகிறது: "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு சின்ன ஊரில் வளர்ந்து, வேலைக்காகச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வந்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இருக்காது. "இங்க உள்ளவங்க மூஞ்சி கொடுத்தே பேச மாட்டாங்க" என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியும் இருப்பீர்கள்.

ஆனால் அந்த லிஃப்டில் இருந்த மூவரும் உங்களை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. அவர்கள் வேறொரு மரியாதையைக் கடைப்பிடித்தார்கள். அது என்ன மரியாதை, எப்படி உருவாகிறது, அதற்குள் நீங்கள் எப்படிப் பழகிக்கொள்வது என்று பார்க்கலாம்.

*ஊரில் அந்த இரண்டு வார்த்தை என்ன வேலை செய்கிறது?*

முதலில் ஊரைப் பார்ப்போம். சின்ன ஊரில் வழியில் பார்ப்பவரிடம் யாரும் கைகூப்பி "வணக்கம்" சொல்வதில்லை. புருவத்தை உயர்த்துவது, தாடையைக் கொஞ்சம் தூக்குவது, மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு சின்ன ஹாரன். பேச்சாக வந்தால் "என்ன தம்பி, வேலையா?", "எங்க கெளம்பிட்டீங்க?", "சாப்டாச்சா?" மலாய்க்காரப் பெரியவராக இருந்தால் "டா மாக்கான்?" அதுவும் அதே கேள்விதான்.

இதில் எந்தக் கேள்விக்கும் யாரும் உண்மையான பதிலை எதிர்பார்ப்பதில்லை. "இங்கதாங்க, கடைக்கு" என்றால் போதும். அப்படியென்றால் எதற்குக் கேட்கிறார்கள்?

ஒரு காரணம், நாளைக்கும் சந்திக்கப் போகிறோம் என்பது. மளிகைக் கடை அண்ணன் உங்கள் அப்பாவோடு பள்ளியில் படித்தவராக இருப்பார். எதிர்வீட்டு ஆண்டியின் மகள் உங்கள் அக்காவின் வகுப்புத் தோழி. மோட்டார் பஞ்சரானால் தள்ளிவிட வருபவரும், வீட்டில் ஒரு சாவு என்றால் கூடாரம் கட்ட வருபவரும் இதே ஆட்கள்தான். இன்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அதற்கு நாளை ஒரு விலை உண்டு. சாயங்காலத்துக்குள் அம்மா காதுக்குச் செய்தி வந்துவிடும்: "உங்க பையன் பாத்தும் பாக்காத மாதிரி போறான்."

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கேள்வி ஊரின் காவலும்கூட. தோட்டத்து லயத்தில் புதிதாக ஓர் ஆள் நடந்து வந்தால், "யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க தம்பி?" என்ற குரல் எங்கிருந்தாவது வரும். அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் பதில் சொல்லாமல் போக முடியாது. "நான் இன்னார் மகன்" என்று சொல்லிவிட்டால் நீங்கள் யார் என்பது முடிவாகிவிடும். அதன்பிறகு டீ வரும். பதில் சொல்லாமல் நடந்தால் நாலு பேர் எழுந்து பார்ப்பார்கள்.

ஆக, ஊரில் வழியில் பேசுவது வெறும் நல்ல மனசு சம்பந்தப்பட்டது இல்லை. "உன்னை எனக்குத் தெரியும், நாளையும் பார்ப்போம்" என்று இரண்டு பேரும் போட்டுக்கொள்ளும் கையெழுத்து அது.

*சரி, சிட்டியில் அது ஏன் காணாமல் போகிறது?*

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

ஊரில் வீட்டிலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. வழியில் 12 பேரைப் பார்க்கிறீர்கள். ஒருவருக்கு 3 வினாடி. மொத்தம் 36 வினாடி. ஒன்றுமே இல்லை.

இப்போது காலை 8.15 மணிக்கு பீஷான் மாதிரி இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் எம்ஆர்டி நிலையத்தில் நடக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் 600 பேர் உங்களைக் கடந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் அதே 3 வினாடி என்றால் 1,800 வினாடி. அதாவது அரை மணி நேரம். பத்து நிமிட நடைக்கு அரை மணி நேரப் பேச்சு! முடியாத காரியம். அந்த 600 பேரில் நாளைக்கு அதே இடத்தில் உங்கள் கண்ணில் படப்போவது ஒரு சிலர்தான். அவர்களில் யாருக்கும் உங்கள் அம்மாவைத் தெரியாது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். நகரத்தில் வாழ்பவருக்கு ஒரு நாளில் வரும் முகங்கள், சத்தங்கள், கோரிக்கைகள் எல்லாம் மூளை தாங்கும் அளவைத் தாண்டிவிடுகின்றன. அதனால் நகரவாசி வடிகட்டக் கற்றுக்கொள்கிறார். முக்கியமில்லாததை விட்டுவிடுகிறார், முக்கியமானதுக்கும் குறைந்த நேரமே கொடுக்கிறார். இது கெட்ட குணம் இல்லை. சூழலுக்கு ஏற்ற பழக்கம். ஊரிலிருந்து வந்தவரும் கொஞ்ச காலத்தில் அதையே செய்ய ஆரம்பிப்பார். நீங்களும்தான்.

*பேசாமல் இருப்பதும் ஒரு மரியாதை*

அந்த லிஃப்டுக்குத் திரும்பிப் போவோம். கொஞ்சம் கூர்ந்து கவனித்திருந்தால் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் நுழைந்தபோது மூவரும் ஒரு நொடி உங்களைப் பார்த்தார்கள். பிறகுதான் கண்ணை விலக்கினார்கள். ஒருவர் உங்களுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகரவும் செய்தார்.

இதற்குச் சமூகவியலில் ஒரு பெயரே உண்டு. எர்விங் கோஃப்மன் 1963ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இதை விவரித்தார். தமிழில் 'நாகரிகமான பாராமுகம்' என்று சொல்லலாம். ஒரு நொடிப் பார்வையின் பொருள், "நீங்கள் இருப்பதைக் கவனித்தேன், உங்களால் எனக்குப் பயமில்லை." பார்வையை விலக்குவதன் பொருள், "உங்களை நான் வேடிக்கை பார்க்க மாட்டேன், தொந்தரவு செய்ய மாட்டேன்."

நாலு பேர் ஒரு சதுர மீட்டரில் நின்று பயணம் செய்யும் ஊரில் இந்த இரண்டாவது பாதி மிகப் பெரிய உதவி. சிங்கப்பூரில் சுமார் 60 லட்சம் பேர் 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பில் வாழ்கிறார்கள். உடல் அளவில் இடம் கொடுக்க முடியாதபோது, பார்வையாலும் மௌனத்தாலும் இடம் கொடுக்கிறார்கள்.

ஊரில் மௌனம் என்றால் கோபம். சிட்டியில் மௌனம் என்றால் இடம். ஒரே செயல், இரண்டு அகராதி. உங்கள் மனசு வலிப்பது, சிட்டி மௌனத்தை ஊர் அகராதியில் தேடிப் படிப்பதால்தான்.

ஆனால் அந்த முதல் பாதி, அந்த ஒரு நொடிப் பார்வை, ரொம்ப முக்கியம். 2012இல் வெளியான ஓர் ஆய்வு அதைக் காட்டியது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக வளாகத்தில் நடந்து போனவர்களில் சிலரை, எதிரே வந்த ஆய்வுக் குழுவினர் கண்ணோடு கண் பார்த்தார்கள். வேறு சிலரைக் காற்றைப் பார்ப்பதுபோல் ஊடுருவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த சில நொடிகளில் இன்னோர் ஆள் வந்து, "இப்போது மற்றவர்களிடமிருந்து எவ்வளவு விலகி இருப்பதாக உணர்கிறீர்கள்?" என்று கேட்டார். காற்றைப்போல் பார்க்கப்பட்டவர்களே அதிகம் விலகி இருப்பதாக உணர்ந்தார்கள். பார்த்தவர் யாரென்றே தெரியாது, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அப்படியும் அந்தப் பார்வை வேலை செய்தது.

*இது ஆட்களால் அல்ல, இடத்தால்*

"அப்படின்னா சிங்கப்பூர்க்காரங்க பேசவே மாட்டாங்களா?" என்று கேட்டால், தேக்கா ஈரச்சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் நின்று பாருங்கள். மீன் கடைக்காரர் வாடிக்கையாளரை "வாங்க அக்கா, போன வாரம் காணோமே" என்று கேட்பார். அதே அக்கா ரயிலில் ஏறியதும் யாரையும் பார்க்க மாட்டார். ஆள் மாறவில்லை, இடம்தான் மாறியது. அதே ஆட்களை மறுபடியும் மறுபடியும் பார்க்கும் இடமாக இருந்தால் சிட்டியிலும் ஊர்ப் பழக்கம் முளைத்துவிடும்.

வீவக அடுக்குமாடிகளிலேயே இதைப் பார்க்கலாம். பழைய நீள புளோக்குகள் பலவற்றில் முன்பு லிஃப்ட் எல்லாத் தளங்களிலும் நின்றதில்லை. சில தளங்களில் மட்டும் நின்றது. அங்கு இறங்கி, பொது நடைபாதையில் பல வீட்டு வாசல்களைத் தாண்டி, படியேறித்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வாசலில் காற்று வாங்க உட்கார்ந்திருக்கும் பாட்டியைத் தினமும் தாண்டிப் போகும்போது, ஒரு சிரிப்பாவது வந்துதானே ஆகணும்? 2001இல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு, அத்தகைய புளோக்குகள் பலவற்றில் லிஃப்ட் எல்லாத் தளங்களிலும் நிற்கத் தொடங்கியது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் அது மிகப் பெரிய நன்மை. அதோடு, மற்றவர் வாசலைத் தாண்டும் நடை குறைந்தது. தளத்துக்குச் சில வீடுகள் மட்டுமே உள்ள புதிய உயர்மாடிகளில் அந்த நடை இன்னும் குறைவு.

*தெரிந்த முகம், தெரியாத பெயர்*

பழகிக்கொள்வதற்கான வழியும் இங்கேதான் இருக்கிறது. மில்கிராம் 1970களின் தொடக்கத்தில் தம் மாணவர்களோடு நியூயார்க் பகுதி ரயில் நிலையத்தில் ஒரு சோதனை செய்தார். காலையில் ரயிலுக்குக் காத்திருந்தவர்களைப் படம் எடுத்து, சில நாள் கழித்து அதே ஆட்களிடம் காட்டி, "இதில் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேருக்கு, பேசியே பழகாத ஒரு முகமாவது அடையாளம் தெரிந்தது. பல நாளாக ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள், ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

சிங்கப்பூரிலும் இதைத் தேடிப் பார்த்தார்கள். பயண அட்டையைத் தட்டிப் பேருந்தில் ஏறி இறங்கிய 20 லட்சத்துக்கும் அதிகமானோரின் ஒரு வாரப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பேருந்துச் சந்திப்புகள் தற்செயலானவை அல்ல என்று அது காட்டியது. மீண்டும் சந்தித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் இடைவெளியில், அதே நேரத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். காரணம் எளிது: எல்லாருக்கும் ஒரு வழக்கமான நேரம் இருக்கிறது.

அதாவது உங்கள் காலை 7.20 பேருந்துக்குள் ஒரு சின்ன ஊர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊரில் யாரும் இன்னும் முதல் தலையசைப்பைச் செய்யவில்லை. அவ்வளவுதான்.

*எப்படித் தொடங்குவது? ஒரு மாதக் கதை*

சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து ஈசூனில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம், வழியில் போகும் எல்லாரிடமும் பேச முயற்சி செய்யாதீர்கள். நேரத்தை மட்டும் பிடியுங்கள். அதே லிஃப்ட், அதே 7.20 பேருந்து, அதே காப்பிக்கடை. தினமும் நேரத்தை மாற்றினால் தினமும் புது முகங்கள்தான் வரும். இந்த வாரமே பேசக்கூடியவர்களும் உண்டு: பக்கத்து வீட்டுக்காரர், புளோக்கைச் சுத்தம் செய்பவர், காப்பிக்கடை ஆண்டி, பேருந்து ஓட்டுநர். இவர்களுக்கு முதல் நாளே "மார்னிங்" சொன்னால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில், "நான் இந்த யூனிட்டுக்குப் புதுசா வந்திருக்கேன்" என்று ஒரு வரி போதும். ஆறு மாதம் கழித்து அதே வரியைச் சொல்லப் போனால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

இரண்டாம் வாரம், சில முகங்கள் பழகிவிட்டிருக்கும். நீல நிறப் பையோடு வரும் மாணவி, வேலை அட்டையைக் கழுத்தில் மாட்டிய அங்கிள். ஒருவரை மூன்றாவது தடவை பார்த்த பிறகு, கண் சந்தித்தால் ஒரு சின்ன தலையசைப்பு. குரல் வேண்டாம். அவர் திருப்பி அசைத்தால் கதவு திறந்துவிட்டது. அசைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர் கவனிக்காமலும் இருந்திருக்கலாம், இன்னொரு நாள் பார்க்கலாம்.

மூன்றாம் வாரம், தலையசைத்த அங்கிளுக்கு "மார்னிங் அங்கிள்". நான்காம் வாரம் லிஃப்ட் தாமதமாக வருகிறது, வெளியே மழை. "இன்னிக்கு லிஃப்ட் ரொம்ப ஸ்லோ" என்கிறீர்கள். அவர் "நேத்தும் இப்படித்தான்" என்கிறார். பேச்சு முடிந்தது. அது போதும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? பேச்சு லிஃப்டைப் பற்றியது, அவரைப் பற்றியது இல்லை. ஊரில் பாசமாக இருக்கும் "எங்க போறீங்க?", "சம்பளம் எவ்வளவு?", "கல்யாணம் ஆச்சா?" எல்லாம் இங்கே முதல் மாதத்தில் விசாரணைபோலக் கேட்கும். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசினால், விருப்பம் இருந்தால் அவர் தொடரலாம், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம்.

*எங்கே தவறிப் போகும்?*

காதில் இயர்ஃபோன், கண் தரையில், உடம்பு சுவர்ப் பக்கம் திரும்பி இருக்கிறது என்றால் அவர் தனியாக இருக்க விரும்புகிறார். அதை மதியுங்கள். நீங்கள் ஆணாக இருந்து, இரவில் லிஃப்டில் ஒரு பெண் தனியாக இருந்தால், நட்பான ஒரு "ஹாய்" கூட அவரைக் கணக்குப் போட வைக்கும்: யார் இவர், எந்த மாடிக்கு வருகிறார்? உங்கள் மனசு சுத்தமானது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பேசாமல் எட்டி நிற்பதும், அடுத்த லிஃப்டில் வருவதுமே அங்கே மரியாதை. நீங்கள் பெண்ணாக இருந்தால், யாருடைய "ஹாய்"க்கும் பதில் சொல்லியே ஆகணும் என்ற கடன் இல்லை. ஊரில் இருந்தபோது பழகிய அந்தக் கட்டாயத்தை இறக்கி வைக்கலாம்.

இன்னொன்று, ஒரே ஒருவருடைய மௌனத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது தூக்கமின்மையாக இருக்கலாம். ஆனால் ஒரே ஆள், மற்றவர்கள் எல்லாருக்கும் சிரித்துவிட்டு, தொடர்ந்து உங்களுக்கு மட்டும் முகம் திருப்பினால், அது சிட்டிப் பழக்கம் இல்லை. அது வேறு விஷயம். உங்கள் உணர்வைச் சந்தேகப்பட வேண்டாம். ஊர்ப் பழக்கத்துக்கும் சிட்டிப் பழக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லா மௌனத்தையும் நியாயப்படுத்திவிடாது.

மூன்றாவது தவறு மெதுவாக வரும், வந்தது தெரியாது. ஒரு வருடம் கழித்துத் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்கள். பஸ் ஸ்டேஷனிலிருந்து இறங்கி, காதில் இயர்ஃபோனோடு, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு வேகமாக நடக்கிறீர்கள். மளிகைக் கடை வாசலில் அண்ணன் நிற்கிறார். சிட்டியில் அவருக்கு நீங்கள் கொடுப்பது இடம். ஆனால் அவர் கையில் இருப்பது ஊர் அகராதி. அதில் அந்த மௌனத்துக்கு ஒரே பொருள்தான்.

அதனால் கடை வருவதற்குக் கொஞ்சம் முன்னாடியே இயர்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். அவர் "எப்ப வந்தே தம்பி? சாப்டாச்சா?" என்று கேட்பார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்பது அவருக்குத் தேவையில்லை. "இப்பதான் அண்ணே, வீட்டுக்குப் போய்த்தான்" என்று சொன்னால் போதும்.